நஷ்டம் குறையவில்லை, பங்குகள்தான் பெருகின!

ஒரு நிறுவனத்தின் ஆண்டு நஷ்டம் 29,301 கோடி ரூபாய். இரண்டு ஆண்டுகள் கழித்து அதே நிறுவனத்தின் நஷ்டம் 27,383 கோடி ரூபாய். குறைந்தது சுமார் ஆறரை சதவீதம். ஆனால், அந்த நிறுவனம் வெளியிட்ட கணக்கில் ‘ஒரு பங்குக்கான நஷ்டம்’ என்ற வரியைப் பார்த்தால், முதல் ஆண்டில் 8 ரூபாய் 43 காசு. இரண்டு ஆண்டுகள் கழித்து 4 ரூபாய் 1 காசு. அதாவது, பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. இரண்டு எண்களும் உண்மை. இரண்டும் தணிக்கை செய்யப்பட்டவை. பிறகு எப்படி ஒன்று ‘நிலைமை ஏறக்குறைய அப்படியே இருக்கிறது’ என்கிறது, மற்றொன்று ‘பாதி நோய் தீர்ந்துவிட்டது’ என்கிறது?

நான் குறிப்பிடும் நிறுவனம் வோடஃபோன் ஐடியா. ஆண்டுகள் 2022-23, 2024-25. இந்தப் புதிருக்கான விடை நிறுவனத்தின் வியாபாரத்தில் இல்லை. பங்குகளின் எண்ணிக்கையில் இருக்கிறது. 2025 ஏப்ரலில் மத்திய அரசு தனக்கு வரவேண்டிய 36,950 கோடி ரூபாய் அலைக்கற்றை நிலுவையைப் பணமாக வாங்காமல், அதற்குப் பதிலாக இந்நிறுவனத்தின் பங்குகளைப் பெற்றுக்கொண்டது. அரசின் பங்கு 22.6 சதவீதத்திலிருந்து 48.99 சதவீதமாக உயர்ந்தது. அந்தச் செய்தி வெளியானபோது பேசப்பட்டதெல்லாம் ‘அரசு நிறுவனமாகிவிடுமா, ஆகாதா’ என்பது பற்றித்தான். கடன் பங்காக மாறும்போது யாருடைய பங்கு கரைகிறது, அந்தக் கரைதலைக் கணக்கேடு எப்படிக் காட்டுகிறது அல்லது காட்டாமல் விடுகிறது என்ற கேள்வி கவனம் பெறவில்லை. சாதாரண முதலீட்டாளருக்கும் வரி செலுத்துவோருக்கும் முக்கியமானது அந்தக் கேள்விதான்.

வகுக்கும் எண்ணைக் கவனிப்போம்

தமிழ்நாட்டில் ‘இபிஎஸ்’ என்றதும் ஓர் அரசியல் தலைவரின் முகம்தான் நினைவுக்கு வரும். வணிகப் பக்கத்தில் வரும் இபிஎஸ் வேறு: ஒரு பங்குக்கான வருமானம். நிறுவனத்தின் நிகர லாபத்தைப் பங்குகளின் எண்ணிக்கையால் வகுத்தால் கிடைப்பது. பங்கின் சந்தை விலையை இதனால் வகுத்துத்தான் ‘விலை அதிகம்’, ‘விலை மலிவு’ என்று தரகர்கள் சொல்கிறார்கள். பின்னத்தில் மேலே இருக்கும் லாபத்தைப் பற்றி ஒவ்வொரு காலாண்டும் விவாதம் நடக்கிறது. கீழே இருக்கும் பங்குகளின் எண்ணிக்கையை மாறாத ஒன்றாக நாம் எடுத்துக்கொள்கிறோம். அது மாறக்கூடியது, சில நிறுவனங்களில் லாபத்தைவிட வேகமாக மாறக்கூடியது.

வோடஃபோன் ஐடியாவின் கதையே இதற்குச் சான்று. 2018 ஆகஸ்டில் இரண்டு நிறுவனங்களும் இணைந்தபோது இருந்த பங்குகள் சுமார் 873 கோடி. 2019இல் ஒரு பங்கு 12 ரூபாய் 50 காசு விலையில் உரிமைப் பங்கு வெளியீட்டின் மூலம் 25,000 கோடி ரூபாய் திரட்டப்பட்டது. அதனால் 2,000 கோடிப் பங்குகள் கூடின. 2022இல் நிறுவனர்கள் பணம் போட்டனர். 2023 பிப்ரவரியில் அரசு முதன்முறையாக 16,133 கோடி ரூபாய் வட்டி நிலுவையைப் பங்காக மாற்றிக்கொண்டது. 1,613 கோடிப் பங்குகள். 2024 ஏப்ரலில் தொடர் பொது வெளியீடு, 11 ரூபாய் விலையில் 18,000 கோடி ரூபாய். 1,636 கோடிப் பங்குகள். இறுதியாக, 2025 ஏப்ரலில் அரசுக்கு மேலும் 3,695 கோடிப் பங்குகள். இடையில் நடந்த சிறு ஒதுக்கீடுகளையும் சேர்த்தால் மொத்தம் சுமார் 10,834 கோடி. ஏழாண்டுக்கும் குறைவான காலத்தில் பன்னிரண்டு மடங்கு. நாட்டு மக்கள் அனைவருக்கும் பகிர்ந்து கொடுத்தால், கைக்குழந்தை உட்பட ஆளுக்கு எழுபதுக்கும் மேல் வரும்.

இப்போது தொடக்கத்தில் சொன்ன புதிர் தானாக அவிழ்கிறது. 2022-23இல் நஷ்டம் சராசரியாக 3,475 கோடிப் பங்குகளால் வகுக்கப்பட்டது. 2024-25இல் ஏறத்தாழ 6,820 கோடிப் பங்குகளால் வகுக்கப்பட்டது. ஏறக்குறைய அதே சுமையை இருமடங்குத் தோள்கள் சுமந்தன. ஆகவே, ஒவ்வொரு தோளுக்கும் சுமை பாதியானதுபோல் தெரிந்தது. சுமை இறங்கவே இல்லை.

இதில் ‘சராசரியாக’ என்ற சொல்லையும் கவனிக்க வேண்டும். ஆண்டின் நடுவில் புதிய பங்குகள் வந்தால், அவை இருந்த நாட்களுக்கு ஏற்பத்தான் எண்ணிக்கையில் சேர்க்கப்படும். 2023 பிப்ரவரியில் அரசுக்குத் தரப்பட்ட 1,613 கோடிப் பங்குகள் அந்த நிதியாண்டில் இரண்டு மாதங்கூட இருக்கவில்லை. அதனால்தான் அந்த மார்ச் இறுதியில் 4,868 கோடிப் பங்குகள் இருந்தும், வகுக்கப் பயன்பட்டது சுமார் 3,475 கோடி மட்டுமே. அதுபோலவே, 2025 ஏப்ரலில் வந்த 3,695 கோடிப் பங்குகள் 2024-25 கணக்கில் சேரவே இல்லை. அதே 27,383 கோடி ரூபாய் நஷ்டத்தை 10,834 கோடிப் பங்குகளால் வகுத்துப் பாருங்கள்: 2 ரூபாய் 53 காசு. ஒரு வாடிக்கையாளர்கூடக் கூடாமல், ஒரு கோபுரம்கூட நடாமல், ஒரு பங்குக்கான நஷ்டம் 4 ரூபாயிலிருந்து இரண்டரை ரூபாய்க்கு இறங்கிவிடும்.

மாற்றத்தக்க பத்திரம் செய்யும் வேலை

நேரடியாகப் புதிய பங்குகளை வெளியிடுவது கண்ணுக்குத் தெரியும் செயல். அறிவிப்பு வரும், விலை வரும், செய்தி வரும். மாற்றத்தக்க பத்திரம் அப்படியல்ல. இன்று அது கடன்; வட்டி தரும். நாளை, குறிப்பிட்ட விலையில் பங்காக மாறலாம். மாறும்வரை அது பங்குகளின் எண்ணிக்கையில் இல்லை. ஆனால், பங்காகும் உரிமை மட்டும் அதனுள் உறங்கிக்கொண்டிருக்கிறது.

அந்த உறக்கத்தை முன்கூட்டியே கணக்கில் காட்டத்தான் ‘நீர்த்த இபிஎஸ்’ என்ற இரண்டாவது எண் இருக்கிறது. ‘இண்ட் ஏஎஸ் 33’ என்ற இந்தியக் கணக்கியல் தரநிலையின்படி, லாப நஷ்டக் கணக்கின் அடியில் ‘அடிப்படை’, ‘நீர்த்த’ என்று இரண்டு இபிஎஸ்களையும் நிறுவனம் அச்சிட்டே ஆக வேண்டும். இரண்டாவது எண் கேட்கும் கேள்வி எளியது: ‘உறங்கும் பத்திரங்கள் எல்லாம் ஆண்டின் தொடக்கத்திலேயே விழித்துப் பங்காகியிருந்தால், ஒரு பங்குக்கு எவ்வளவு கிடைத்திருக்கும்?’

ஒரு கற்பனை நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். நிகர லாபம் 100 கோடி ரூபாய். பங்குகள் 10 கோடி. அடிப்படை இபிஎஸ் 10 ரூபாய். இந்த நிறுவனம் 8 சதவீத வட்டியில் 200 கோடி ரூபாய்க்கு மாற்றத்தக்க கடன்பத்திரம் வெளியிட்டிருக்கிறது. மாற்று விலை ஒரு பங்குக்கு 50 ரூபாய். முழுவதும் மாறினால் 4 கோடிப் புதிய பங்குகள். ஆனால், மாறிவிட்டால் ஆண்டுக்கு 16 கோடி ரூபாய் வட்டி மிச்சமாகும். வட்டிச் செலவு இல்லாததால் வரி 4 கோடி கூடும் என்று வைத்துக்கொண்டால், நிகர மிச்சம் 12 கோடி. ஆக, லாபம் 112 கோடி. பங்குகள் 14 கோடி. நீர்த்த இபிஎஸ் 8 ரூபாய். பத்துக்கும் எட்டுக்கும் உள்ள இடைவெளிதான் எச்சரிக்கை. ‘உன் கையில் இருக்கும் பத்து ரூபாயில் இரண்டு ரூபாய் இன்னொருவர் பெயரில் எழுதி வைக்கப்பட்டிருக்கிறது’ என்று பங்குதாரருக்கு அது சொல்கிறது.

லாபம் ஈட்டும் நிறுவனத்தில் இந்த எச்சரிக்கை மணி ஒழுங்காக ஒலிக்கும். சிக்கல், மணி மிகவும் தேவைப்படும் இடத்தில்தான்.

மணி ஒலிக்காத இடம்

அதே நிறுவனம் 100 கோடி ரூபாய் நஷ்டம் அடைகிறது என்று கொள்வோம். அடிப்படைக் கணக்கில் ஒரு பங்குக்கு 10 ரூபாய் நஷ்டம். கடன்பத்திரம் பங்காகியிருந்தால்? நஷ்டம் என்பதால் வரி இல்லை. எனவே 16 கோடி ரூபாய் வட்டி முழுவதும் மிச்சம். நஷ்டம் 84 கோடியாகும். பங்குகள் 14 கோடி. ஒரு பங்குக்கான நஷ்டம் 6 ரூபாய்தான். அதாவது, நீர்க்கச் செய்தால் நிலைமை மோசமாவதற்குப் பதிலாக மேம்பட்டதுபோல் தோன்றுகிறது.

இப்படி ஒரு போலி முன்னேற்றத்தைக் காட்ட நிறுவனங்களை அனுமதிக்கக் கூடாது என்பதற்காக, கணக்கியல் தரநிலை ஒரு விதி வைத்திருக்கிறது: மாற்றினால் எண்ணை மோசமாக்கும் பத்திரங்களை மட்டுமே நீர்த்த கணக்கில் சேர்க்க வேண்டும், எண்ணை மேம்படுத்துவதுபோல் காட்டுபவற்றை விட்டுவிட வேண்டும். விதியின் நோக்கம் நியாயமானது. ஆனால், அதன் விளைவைப் பாருங்கள். நஷ்டம் அடையும் நிறுவனத்தில் ஏறக்குறைய எல்லா மாற்றத்தக்க பத்திரங்களும் அந்தக் கணக்கிலிருந்து வெளியேறிவிடுகின்றன. அடிப்படை எண்ணும் நீர்த்த எண்ணும் ஒன்றாகிவிடுகின்றன. மேலோட்டமாகப் படிப்பவர், ‘இரண்டும் ஒன்றுதான், இந்த நிறுவனத்தில் நீர்க்க எதுவுமில்லை’ என்று முடிவுக்கு வருகிறார். உண்மை நேர்மாறானது. நஷ்டம் அடையும் நிறுவனத்துக்குத்தான் பணம் தேவை. கையில் பணமில்லாத நிறுவனம்தான் கடனைப் பங்காக மாற்றித் தருவதாக வாக்களிக்கிறது. எங்கே நீர்த்தல் மிக அதிகமாக நடக்கவிருக்கிறதோ, அங்கே அதைக் காட்ட வேண்டிய எண் மௌனமாக இருக்கிறது.

வோடஃபோன் ஐடியாவில் இது ஏட்டளவில் நின்றுவிடவில்லை. 2023 பிப்ரவரியில் அந்நிறுவனம், கோபுரங்களை வாடகைக்கு விட்ட ஏடிசி நிறுவனத்துக்கு 1,600 கோடி ரூபாய் மதிப்புள்ள மாற்றத்தக்க கடன்பத்திரங்களை வழங்கியது. மாற்று விலை 10 ரூபாய். ஆக, 160 கோடிப் பங்குகள் உறக்கத்தில் இருந்தன. அந்த மார்ச் மாத ஆண்டுக் கணக்கில் அடிப்படை இபிஎஸ், நீர்த்த இபிஎஸ் இரண்டும் மைனஸ் 8 ரூபாய் 43 காசுதான். ஓராண்டு கழித்து, சந்தை விலை 10 ரூபாயைக் கணிசமாகத் தாண்டியிருந்த 2024 மார்ச்சில், ஏடிசி அவற்றில் 1,440 கோடி ரூபாய்ப் பத்திரங்களை 144 கோடிப் பங்குகளாக மாற்றிக்கொண்டது. இதில் தவறேதுமில்லை, அது அந்நிறுவனத்தின் உரிமை. ஆனால், மாற்றத்தக்க பத்திரத்தின் குணத்தை இதைவிடத் தெளிவாக விளக்க முடியாது. விலை ஏறினால் பங்காக மாற்றி ஏற்றத்தில் பங்கு பெறலாம். ஏறாவிட்டால் கடன்காரராக நின்று பணத்தைக் கேட்கலாம். தேர்வு செய்யும் உரிமை பத்திரம் வைத்திருப்பவரிடம். அந்த உரிமைக்கான விலையைப் பழைய பங்குதாரர் தருகிறார்.

பத்திரமே இல்லாத மாற்றம்

ஏடிசியின் 160 கோடிப் பங்குகளாவது காகிதத்தில் இருந்தன. அரசுக்குச் சென்ற 5,308 கோடிப் பங்குகள் எந்தக் கடன்பத்திரத்திலிருந்தும் பிறந்தவையல்ல. அவற்றின் மூலம், 2021 செப்டம்பரில் மத்திய அரசு அறிவித்த தொலைத்தொடர்புத் துறைச் சலுகைத் தொகுப்பு. அலைக்கற்றைக் கட்டணத்தையும், 2019 அக்டோபரில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் எழுந்த ‘ஏஜிஆர்’ நிலுவையையும் நான்கு ஆண்டுகள் தள்ளிச் செலுத்தலாம். அதற்கான வட்டியைப் பங்காகத் தரலாம். தவணை முடிந்தபின் எஞ்சும் நிலுவையையும் பங்காக மாற்றும் வாய்ப்பு அரசுக்கு உண்டு. இவைதான் அந்தத் தொகுப்பின் சாரம். நிறுவனச் சட்டத்தின் 62(4) பிரிவு, அரசு தனக்கு வரவேண்டிய கடனைப் பொதுநலன் கருதிப் பங்காக மாற்ற உத்தரவிடும் அதிகாரத்தைத் தருகிறது. அந்தப் பிரிவின் கீழ்தான் உத்தரவுகள் பிறந்தன.

ஆக, 2021லிருந்தே அரசு நிலுவை முழுவதும் பொருளளவில் ஒரு மாற்றத்தக்க கடனாகிவிட்டது. ஆனால், பெயரளவில் அது வெறும் கடன். ‘எவ்வளவு, எப்போது, என்ன விலையில்’ என்பது முன்கூட்டி நிர்ணயிக்கப்படாததால் நீர்த்த இபிஎஸ் கணக்குக்குள் அதை அடக்குவதும் கடினம். 2024 ஏப்ரலில் பொது வெளியீட்டில் 11 ரூபாய் கொடுத்துப் பங்கு வாங்கியவர், அடுத்த ஓராண்டுக்குள் மொத்தப் பங்குகள் மேலும் பாதிக்கு மேல் பெருகும் என்பதை எந்த இபிஎஸ் வரியிலும் பார்த்திருக்க முடியாது.

நீர்த்தலுக்கு அரசும் விலக்கல்ல என்பது இதில் ஒரு வேடிக்கை. 2023இல் அரசின் பங்கு 33.1 சதவீதம். அரசு ஒரு பங்கைக்கூட விற்கவில்லை. ஆனாலும், பிறருக்குப் புதிய பங்குகள் வழங்கப்பட்டதால் அது 22.6 சதவீதமாகச் சுருங்கியது. நிறுவனர்களான ஆதித்ய பிர்லா குழுமமும் பிரிட்டனின் வோடஃபோனும் சேர்ந்து ஒரு காலத்தில் 75 சதவீதத்தை ஒட்டி வைத்திருந்தன; இடையில் புதிதாகப் பணம் போட்டும்கூட, 2025 ஏப்ரலுக்குப் பின் அவர்களிடம் எஞ்சியது சுமார் 25.6 சதவீதம்.

ஊற்றியது நீரா, தயிரா?

இதுவரை சொன்னதை வைத்து, பங்குகள் பெருகுவது எப்போதும் பழைய பங்குதாரருக்குக் கேடு என்ற முடிவுக்கு வந்தால் அது அவசர முடிவு. மோர்ப் பானையில் கூடுதலாக ஊற்றுவது நீராக இருந்தால் மோர் நீர்க்கும். கெட்டித் தயிராக இருந்தால் நீர்க்காது. புதிய பங்குக்கு ஈடாக நிறுவனத்துக்குள் என்ன வந்தது என்பதே கேள்வி. அதைத் தீர்மானிப்பது மாற்று விலை.

நம் கற்பனை நிறுவனத்தின் பங்கு ஒன்றின் மதிப்பு 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 10 கோடிப் பங்குகள்; மொத்த மதிப்பு 1,000 கோடி. 200 கோடி கடன் பங்காக மாறி ஒழிந்தால் பங்குதாரர்களின் மொத்த மதிப்பு 1,200 கோடியாகிறது. மாற்று விலை 50 ரூபாய் என்றால் பங்குகள் 14 கோடி. ஒரு பங்கின் மதிப்பு சுமார் 86 ரூபாய். பழையவர் 14 ரூபாய் இழக்கிறார். மாற்று விலை 125 ரூபாய் என்றால் புதிய பங்குகள் 1.6 கோடிதான், ஒரு பங்கின் மதிப்பு 103 ரூபாயைத் தாண்டுகிறது. பழையவருக்கு லாபம், மாற்றியவருக்கு நஷ்டம்.

இந்த அளவுகோலை 2025 ஏப்ரல் மாற்றத்தின் மீது வைத்துப் பார்க்கலாம். அரசு பங்குகளைப் பெற்ற விலை 10 ரூபாய். உத்தரவு வெளியான நாட்களில் சந்தை விலை 7 ரூபாய்க்குச் சற்றுக் கீழே. காரணம் சட்டத்தில் இருக்கிறது. பங்கின் முகமதிப்பு 10 ரூபாய். முகமதிப்புக்குக் குறைவான விலையில் பங்கு வெளியிடுவதை நிறுவனச் சட்டத்தின் 53ஆவது பிரிவு பொதுவாகத் தடுக்கிறது. ஆகவே, 36,950 கோடி ரூபாய் நிலுவைக்கு அரசு பெற்றது 3,695 கோடிப் பங்குகள். சந்தை விலையில் கணக்கிட்டால் அன்று அவற்றின் மதிப்பு சுமார் 25,000 கோடி ரூபாய். சந்தை விலையிலேயே மாற்றியிருந்தால் அரசுக்கு 5,400 கோடிப் பங்குகளுக்கு மேல் வந்திருக்கும். நிறுவனத்தில் பெரும்பான்மையும் வந்திருக்கும்.

ஆக, அந்த ஒரு பரிவர்த்தனையில், மற்ற பங்குதாரர்களின் சதவீதம் சுருங்கியது உண்மை. ஆனால், சந்தை விலையின்படி அவர்கள் தந்ததைவிடப் பெற்றது அதிகம். வித்தியாசத்தைச் சுமந்தது அரசுக் கருவூலம். இதற்கு அரசுத் தரப்பில் ஒரு வாதம் உண்டு. நிறுவனம் மூழ்கியிருந்தால் நிலுவையில் எவ்வளவு கிடைத்திருக்கும் என்று யாருக்கும் தெரியாது. சந்தையில் இரண்டு தனியார் நிறுவனங்கள் மட்டும் மிஞ்சினால் கட்டணம் எங்கே போகும் என்ற கவலையும் இருக்கிறது. அந்த வாதத்தை நான் எளிதில் தள்ளிவிடவில்லை. ஆனால், அது ஒரு மானியத்துக்கான வாதம். மானியத்தை மானியம் என்று சொல்லிக் கொடுத்தால் நாடாளுமன்றத்தில் கேள்வி எழும். ‘பங்காக மாற்றினோம்’ என்றால் அது முதலீடுபோல ஒலிக்கிறது. பங்குகளின் எண்ணிக்கைக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் பொதுப்பணக் கணக்கு இதுதான்.

லாபம் வரும் நாளில்

எண்ணிக்கையின் உண்மையான வலி நஷ்ட காலத்தில் தெரியாது. லாபம் திரும்பும் நாளில்தான் தெரியும். இந்த நிறுவனம் என்றாவது ஒருநாள் ஆண்டுக்கு 5,000 கோடி ரூபாய் லாபம் ஈட்டுகிறது என்று கற்பனை செய்வோம். 2018இல் இருந்த 873 கோடிப் பங்குகளாக இருந்தால் ஒரு பங்குக்கு 5 ரூபாய் 70 காசுக்கு மேல் வந்திருக்கும். இன்றைய 10,834 கோடிப் பங்குகளுக்கு 46 காசு. ‘ஒரு காலத்தில் நூறு ரூபாய்க்கு மேல் விற்ற பங்கு, நிறுவனம் பிழைத்துவிட்டால் பழைய விலைக்கு வந்துவிடும்’ என்று நம்பிக் காத்திருப்போர் பலர். நிறுவனம் பிழைப்பதும் பங்கு விலை மீள்வதும் ஒன்றல்ல. நோயாளி எழுந்து நடக்கலாம். ஆனால், சொத்து அதற்குள் பன்னிரண்டு பாகமாகிவிட்டது. 100 ரூபாய் விலை என்றால், இன்றைய எண்ணிக்கையில் மொத்தச் சந்தை மதிப்பு 10 லட்சம் கோடி ரூபாயைத் தாண்ட வேண்டும். இந்த ஒரு பெருக்கலைச் செய்து பார்த்தால் பல கனவுகள் கலைந்துவிடும்.

அப்படியென்றால் சாதாரண வாசகர் எங்கே பார்ப்பது? ஆண்டறிக்கையைக் கையில் எடுத்தால் நான் முதலில் போவது இபிஎஸ் பற்றிய குறிப்புக்குத்தான். அங்கே இபிஎஸ் எண்ணைவிட, வகுக்கப் பயன்படுத்திய சராசரிப் பங்கு எண்ணிக்கையை ஐந்து ஆண்டுகளுக்கு வரிசையாக எழுதிப் பார்க்கிறேன். நஷ்டத்தால் நீர்த்த கணக்கில் சேர்க்கப்படாத பத்திரங்கள் எவை என்பதை அந்தக் குறிப்பிலேயே தெரிவிக்க வேண்டும் என்று தரநிலை சொல்கிறது. கணக்கு முடிந்த பிறகு நடந்த பெரிய பங்கு வெளியீடுகளையும் சொல்ல வேண்டும். லாப நஷ்டக் கணக்கில் ஒலிக்காத மணி இந்தச் சிறிய எழுத்துகளில் ஒலிக்கிறது. அடுத்து, பங்குச் சந்தைகளுக்கு ஒவ்வொரு காலாண்டும் தாக்கல் செய்யப்படும் பங்குடைமை விவரம். அதில் மாற்றத்தக்க பத்திரங்களும் வாரண்டுகளும் முழுவதும் மாறினால் யாருக்கு எத்தனை சதவீதம் என்று தனிப் பத்தியே உண்டு. ஆனால், பத்திரமாக வெளியிடப்படாத உரிமை அந்தப் பத்தியில் அடங்காது. அதற்குக் கடன்கள் பற்றிய குறிப்பைத்தான் படிக்க வேண்டும்.

இந்தத் தேடலைத் தனிமனிதர் தலையில் கட்டிவிட்டு ஒதுங்குவது சரியல்ல. நஷ்டத்தில் இயங்கும் பட்டியலிடப்பட்ட நிறுவனங்கள், காலாண்டு முடிவுகளின் முதல் பக்கத்திலேயே மூன்று எண்களை வெளியிட வேண்டும் என்று செபி கேட்கலாம்: இன்றுள்ள பங்குகள் எத்தனை; மாற்றத்தக்கவை எல்லாம் மாறினால் எத்தனை; கடன் கொடுத்தவர் விரும்பினால் பங்காகக்கூடிய மற்ற நிலுவை எவ்வளவு. மூன்றும் நிறுவனத்திடம் ஏற்கெனவே இருக்கும் எண்கள். புதிய செலவு எதுவுமில்லை. அரசும் தன் பங்குக்கு, நிலுவையைப் பங்காக மாற்றும் ஒவ்வொரு முறையும், மாற்று விலைக்கும் சந்தை விலைக்கும் உள்ள வித்தியாசம் எத்தனை கோடி என்பதை உத்தரவிலேயே சொல்லிவிடலாம்.

அடுத்த காலாண்டில் ஏதேனும் ஒரு நிறுவனத்தின் ‘ஒரு பங்குக்கான நஷ்டம் பாதியாகக் குறைந்தது’ என்ற தலைப்பைப் பார்த்தால், நஷ்டம் குறைந்ததா, பங்கு பெருகியதா என்று ஒரு நிமிடம் நின்று கேளுங்கள். விடை, வகுத்தல் கோட்டுக்குக் கீழே இருக்கும்.